சக்கரம் சொல்லும் கிலோமீட்டர்

ஆட்டோவின் முன்பக்கம் பொருத்தியிருக்கும் கட்டண மீட்டருக்குச் சாலை தெரியாது. கிலோமீட்டர் தெரியாது. அதற்குத் தெரிவதெல்லாம் சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்பதுதான். முன்சக்கரத்திலிருந்து ஒரு கேபிளோ சென்சாரோ வழியாக மின்துடிப்புகள் வருகின்றன. உள்ளே ஓர் எண் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. இத்தனை துடிப்பு வந்தால் ஒரு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள் என்பது அதன் பொருள். மீட்டர் எண்ணுகிறது, வகுக்கிறது, விலையால் பெருக்குகிறது. இதில் எண்ணுவதும் வகுப்பதும் பெருக்குவதும் அநேகமாகத் தப்புவதே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, வாகனத்தைத் தவிர்த்து மீட்டர் பெட்டியை மட்டும் சோதித்தால் தூரத்தில் 0.2 சதவீதத்துக்கு மேல் பிழை இருக்கக் கூடாது. அந்த அளவுக்குத் துல்லியமாகச் செய்ய முடிகிற கருவிதான் இது.

தப்புவது டயர். பூக்காரம்மா முழங்களைச் சரியாகத்தான் எண்ணுகிறார், கேள்வி அவருடைய கை எவ்வளவு நீளம் என்பதுதான். மீட்டரின் கை, தரையைத் தொடும் ரப்பர் வளையம். அது நாளுக்கு நாள் தேய்கிறது, காற்று இறங்கினால் சப்பையாகிறது, மாற்றினால் ஒரேயடியாகப் பெரிதாகிறது. ஆகவே மீட்டர் சரியா என்று பார்ப்பது பாதிக்கு மேல் டயரைப் பார்ப்பதுதான். மீட்டரைத் திருத்துவது என்பதும் பெரும்பாலும் அந்த ஒற்றை எண்ணை டயருக்கு ஏற்றபடி மாற்றுவதுதான்.

அந்த எண்ணுக்குப் பன்னாட்டு சட்டமுறை அளவியல் அமைப்பின் பரிந்துரையில் k என்று பெயர். அதாவது மீட்டரின் மாறிலி, ஒரு கிலோமீட்டருக்கு மீட்டர் எதிர்பார்க்கும் துடிப்புகளின் எண்ணிக்கை. வாகனம் ஒரு கிலோமீட்டர் ஓடும்போது நிஜமாகவே அனுப்பும் துடிப்புகளின் எண்ணிக்கைக்கு w என்று பெயர். k-யும் w-வும் ஒன்றாக இருந்தால் மீட்டர் சரி. மீட்டர் பெட்டியின் அடிப்படை k, வண்டியின் குணம் w. பழைய கொடி மீட்டர்களில் k என்பது பல்சக்கரங்களின் விகிதமாக இருந்தது. அதை மாற்ற வேண்டுமென்றால் உள்ளே இருந்த ஒரு ஜோடிப் பல்சக்கரத்தைக் கழற்றி வேறு ஜோடி போட வேண்டும். மின்னணு மீட்டரில் அதே வேலையைப் பொத்தானை அழுத்தி எண்ணை மாற்றிச் செய்கிறார்கள். சௌகரியம் கூடியது. அதே சௌகரியத்தில் சூடு வைப்பதும் சுலபமானது.

நம் ஊர் ஆட்டோவுக்குப் பொதுவாக 4.00-8 அளவு டயர். எட்டு அங்குல விளிம்பு, அதன் இரு பக்கமும் சுமார் நான்கு அங்குல உயரத்துக்கு ரப்பர். கணக்குப் போட்டால் விட்டம் பதினாறு அங்குலம், அதாவது ஏறத்தாழ 41 செ.மீ. சுற்றளவு 1.28 மீட்டர் பக்கம் வரும். ஆனால் மீட்டருக்கு வேண்டியது இந்தச் சுற்றளவு இல்லை. வண்டியின் எடை இறங்கிய நிலையில், ஒரு முழுச் சுற்றுக்கு வண்டி தரையில் எவ்வளவு நகர்கிறது என்பதுதான் வேண்டும். டயரைத் தரையிலிருந்து தூக்கி, தையல்காரர் நாடாவைச் சுற்றி அளந்தால் கிடைக்கும் எண் எப்போதும் சற்று அதிகமாகவே இருக்கும். அதை மீட்டரில் போட்டால் தொடக்கத்திலேயே பிழை.

சரியான அளவை எடுக்க ஒரு சாக்கட்டியும் எஃகு நாடாவும் போதும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஓட்டுநர் இருக்கையில் உட்கார வேண்டும். காற்று, வண்டிக் கம்பெனி சொன்ன அளவில் இருக்க வேண்டும். முன்டயர் தரையைத் தொடும் இடத்தில் டயரிலும் தரையிலும் ஒரே கோடாகச் சாக்கட்டியால் அடையாளம் போட்டு, வண்டியை நேராகத் தள்ளிக்கொண்டு போய், டயரில் உள்ள கோடு பத்தாவது முறையாகத் தரையைத் தொடும் இடத்தில் நிறுத்தி அளக்க வேண்டும். ஒரு சுற்றுக்குப் பதில் பத்துச் சுற்று எடுப்பதற்குக் காரணம் உண்டு. கோட்டைப் பார்ப்பதில் அரை சென்டிமீட்டர் தவறு எப்படியும் வரும். ஒரே சுற்றில் அந்தத் தவறு 0.4 சதவீதம். பத்துச் சுற்றில் அது பத்தில் ஒரு பங்காகிவிடும்.

இனி ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு முழுதாகப் பார்ப்போம். கட்டணத்துக்கு, 2013 ஆகஸ்டில் சென்னை ஆட்டோக்களுக்குத் தமிழக அரசு அறிவித்ததையே வைத்துக்கொள்ளலாம். முதல் 1.8 கி.மீ.க்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய், காத்திருப்புக்கு ஐந்து நிமிடத்துக்கு ரூ.3.50. சென்னையில் மீட்டர் போட்டு ஓட்டுவது அரிதாகிப் போனது என்பதும், அந்தக் கட்டணத்தில் பெட்ரோலுக்கும் எரிவாயுவுக்கும் கட்டாது என்று ஓட்டுநர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்பதும் வேறு கதை. இங்கே கட்டண விகிதம் எதுவாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

நம் வண்டியின் மீட்டருக்குச் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் நான்கு துடிப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். போன தடவை மீட்டரைச் சரிபார்த்தபோது முன்டயர் நன்றாகத் தேய்ந்திருந்தது. ஒரு சுற்றுக்கு 1.245 மீட்டர்தான் நகர்ந்தது. ஒரு கிலோமீட்டருக்கு 803 சுற்று, 3,213 துடிப்பு. மீட்டரிலும் k = 3213 என்று போட்டு சீல் வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஓட்டுநர் புது டயர் மாட்டினார். சில நாள் கழித்து மீட்டர் மெக்கானிக்கிடம் போய் நிற்கிறார்.

“அண்ணே, வழக்கமா ஓட்ற ரூட்டுதான். முன்னவிட ரெண்டு ரூவா கம்மியா காட்டுது.”

“டயர் மாத்துனியா?”

“முன்னாடி மட்டும்தான் மாத்துனேன்.”

“முன்னாடிதாம்பா கேபிள் இருக்கு.”

மெக்கானிக்கின் கடைசி வாக்கியத்தில் விஷயம் முழுக்க இருக்கிறது. பின்சக்கரங்களில் என்ன மாற்றினாலும் இந்த மீட்டருக்குக் கவலையில்லை. முன்சக்கரத்திலிருந்து எண்ணுவதில் இரண்டு அனுகூலங்களும் உண்டு. ஆட்டோவில் பயணிகள் உட்காருவது கிட்டத்தட்டப் பின்அச்சுக்கு மேலே என்பதால் மூன்று பேர் ஏறினாலும் முன்டயர் பெரிதாக அமுங்காது. இன்ஜின் விசையும் முன்சக்கரத்துக்கு வருவதில்லை, அது சும்மா உருள்கிறது. கார் டாக்ஸிகளில் கியர்பாக்ஸிலிருந்து துடிப்பு எடுத்தால், இன்ஜின் சுழற்றும் சக்கரங்களின் கணக்குதான் மீட்டருக்கு வரும். ஈரச் சாலையில் அந்தச் சக்கரம் வழுக்கிச் சுற்றினால் அந்தச் சுற்றுகளும் தூரமாகப் பதிவாகும்.

புது டயரைப் பத்துச் சுற்று உருட்டி அளந்தால் 12.72 மீட்டர் வருகிறது. ஒரு சுற்றுக்கு 1.272 மீட்டர். பழையதற்கும் புதியதற்கும் சுற்றளவில் 27 மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஆரத்தில் நான்கு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். டயரின் பட்டன் தேய்ந்து மொட்டையாகும் வரை இழக்கும் ரப்பரின் கனம் அவ்வளவுதான். புது டயரில் கிலோமீட்டருக்கு 3,145 துடிப்புதான் வரும். மீட்டரோ 3,213 வந்தால்தான் ஒரு கிலோமீட்டர் என்று ஒப்புக்கொள்ளும். ஆகவே பத்துக் கிலோமீட்டர் ஓடினால் மீட்டர் 9.79 என்கிறது. ரூ.123.40 வர வேண்டிய இடத்தில் ரூ.120.86 வருகிறது. ஓட்டுநருக்குக் கண்ணில் பட்ட இரண்டு ரூபாய் இதுதான்.

உருட்டிப் பார்த்ததோடு எண்ணை மாற்றிவிடலாமே என்று தோன்றும். கூடாது. உருட்டல் அளவு டயரைப் பற்றி மட்டும் சொல்கிறது. கேபிள் நழுவுகிறதா, சென்சார் சில துடிப்புகளை விடுகிறதா, மீட்டரில் தொடக்கத் தூரம் 1.8 என்றுதான் பதிவாகியிருக்கிறதா என்பதெல்லாம் சாலையில் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். அதற்கு அளந்து குறித்த பாதை வேண்டும்.

பாதை நேராக, மேடு பள்ளம் இல்லாமல், சிக்னல் இல்லாமல் இருக்க வேண்டும். நம் கட்டணத்துக்கு மூன்று குறிகள் போதும். ஒன்று தொடக்கம், அடுத்தது அங்கிருந்து 1,800 மீட்டரில், மூன்றாவது 2,800 மீட்டரில். முப்பது மீட்டர் எஃகு நாடாவால் சாலையோரத்தை ஒட்டி அளந்து பெயின்ட்டால் குறியிட்டு, திரும்பி வரும்போது மறுபடி அளக்க வேண்டும். போகும்போதும் வரும்போதும் கிடைத்த அளவுகள் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டருக்கு மேல் வேறுபட்டால் எங்கோ ஒரு நாடா நீளத்தை எண்ணத் தவறியிருக்கிறோம், அல்லது நாடா தொய்ந்திருக்கிறது. வெயிலில் எஃகு நாடா நீளுமே என்று சிலர் கவலைப்படுவார்கள். நாடா 20 டிகிரிக்கென்று செய்யப்பட்டிருந்து வெயில் 40 டிகிரி அடித்தாலும் கிலோமீட்டருக்குக் கால் மீட்டர்கூட வித்தியாசம் வராது. மீட்டர் சோதனைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கைப்பிடியோடு தள்ளிக்கொண்டு போகும் அளவுச் சக்கரத்தைப் பயன்படுத்தலாம். ஆனால் அதுவும் ஒரு சக்கரம்தான், முதலில் அதையே நாடாவோடு வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

கைப்பேசியில் ஜிபிஎஸ் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு? ஜிபிஎஸ் இரு முனைகளிலும் ஐந்து மீட்டர் தவறினால் ஒரு கிலோமீட்டரில் அது ஒரு சதவீதம் ஆகிவிடும். நாம் தேடுவதோ இரண்டு சதவீதப் பிழை. பத்துக் கிலோமீட்டர் நேர்ச்சாலையில் அதே தவறு பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும், அங்கே ஜிபிஎஸ்ஸை நம்பலாம். தெருக்களில் வளைந்து வளைந்து போகும்போது அது மூலைகளை வெட்டிக் கணக்குப் போடும் என்பதையும் மறக்கக் கூடாது. நெடுஞ்சாலையின் கிலோமீட்டர் கற்களும் அப்படித்தான். சாலையை அகலப்படுத்தும்போது பிடுங்கி நட்ட கல் பழைய இடத்திலேயே நிற்கும் என்று சொல்ல முடியாது. இரண்டு கல்லுக்கு நடுவே அளந்து முடிவுக்கு வராமல், ஐந்தாறு கல் தாண்டிச் சராசரி எடுத்தால் ஓரளவு உதவும்.

சோதனைக்கு முன் வண்டியைச் சில கிலோமீட்டர் ஓட்டி டயரைச் சூடாக்கிக்கொள்வது நல்லது. சூட்டில் உள்ளே காற்றழுத்தம் கூடும். பயணி ஏறும் வண்டி எப்போதும் சூடான டயரில்தான் ஓடுகிறது. காற்று குறைவாக இருந்தால் டயர் அமுங்கி, ஒரு சுற்றுக்கு நகரும் தூரம் குறையும், மீட்டர் கூடுதலாகக் காட்டும். ஆட்டோவுக்கு வரும் பழைய பாணி நைலான் டயர்களில் இந்த விளைவு, கார்களில் இருக்கும் ரேடியல் டயரைவிடச் சற்று அதிகம். காற்றே பார்க்காமல் மீட்டரைச் சோதிப்பது வீண்வேலை. நாளைக்கு யாராவது காற்று அடித்ததும் கணக்கு மாறிவிடும்.

முன்சக்கரத்தின் அச்சு தொடக்கக் குறிக்கு நேர் மேலே வரும்படி வண்டியை நிறுத்தி மீட்டரைப் போட வேண்டும். அச்சிலிருந்து ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால் சந்தேகம் இருக்காது. உடனே கிளம்ப வேண்டும். காத்திருப்புக் கடிகாரத்துக்கு வேலை கொடுக்கக் கூடாது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. மீட்டரில் இரண்டு கணக்குகள் ஓடுகின்றன. ஒன்று தூரம், இன்னொன்று நேரம். வேகம் குறைந்து, நேரத்தால் வரும் காசு தூரத்தால் வரும் காசைத் தாண்டும் இடத்தில் மீட்டர் நேரக் கணக்குக்கு மாறுகிறது. நம் கட்டணத்தில் காத்திருப்பு மணிக்கு 42 ரூபாய், தூரம் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். 42-ஐ 12-ஆல் வகுத்தால் மணிக்கு 3.5 கி.மீ. மனிதன் நிதானமாக நடக்கும் வேகம். ஆகவே சென்னைக் கட்டணத்தில் வண்டி ஊர்ந்தால்கூடத் தூரக் கணக்குதான் ஓடும், கிட்டத்தட்ட நின்றால்தான் நேரம் சேரும். ஆனால் சோதனை ஓட்டத்தின் நடுவே ஒரு ரயில்வே கேட்டில் மூன்று நிமிடம் நின்றுவிட்டால் ரூ.2.10 ஏறிவிடும். அது 175 மீட்டர் ஓட்டத்துக்கான காசு. நாம் தேடும் பிழையைவிட மிகப் பெரியது. அப்படி நின்ற ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டு மறுபடி ஓட்ட வேண்டியதுதான். விடியற்காலையில் சோதனை செய்வது இதற்காகத்தான்.

ஓட்டுநர் அப்படி இப்படி வளைத்து ஓட்டினால் தூரம் கூடிவிடாதா? மிகச் சொற்பம். ஐம்பது மீட்டர் போவதற்குள் இரண்டு மீட்டர் பக்கவாட்டில் ஒதுங்கினால், கூடுதலாக ஓடியது நான்கே சென்டிமீட்டர். ஒரு மாட்டைச் சுற்றிக்கொண்டு போனதற்காகச் சோதனை கெட்டுப்போகாது.

மீட்டரின் எண் எப்போது மாறுகிறது என்பதுதான் நாம் பிடிக்க வேண்டிய கணம். நம் மீட்டர் 1.8 கி.மீ. முடிந்ததும் ரூ.26.20-க்குத் தாவுகிறது, அதன் பிறகு ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் ரூ.1.20 ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 1,800 மீட்டர் குறியை நெருங்கியதும் வேகத்தைக் குறைத்து, எண் தாவிய நொடியில் நிறுத்தி, அச்சுக்கு நேர் கீழே தரையில் குறி போட வேண்டும். அங்கிருந்து தொடர்ந்தால் நின்ற நேரமும் கட்டணத்தில் சேர்ந்துவிடும். ஆகவே முதல் குறிக்கு ஓர் ஓட்டம், இரண்டாம் குறிக்குத் தொடக்கத்திலிருந்தே இன்னோர் ஓட்டம். 2,800 மீட்டரில் மீட்டர் பதினோராவது முறையாகத் தாவி ரூ.38.20 காட்ட வேண்டும்.

நம் வண்டியில் முதல் தாவல் குறியைத் தாண்டி 39 மீட்டரில் நிகழ்கிறது. பதினோராவது தாவல் இரண்டாம் குறியைத் தாண்டி 61 மீட்டரில். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்காகத்தான் இரண்டு ஓட்டம். 1,800-க்கு 39 என்பது ஏறக்குறைய 2.2 சதவீதம். 2,800-க்கு 61 என்பதும் 2.2 சதவீதம். தூரம் கூடக் கூடப் பிழையும் அதே விகிதத்தில் வளர்கிறது. அப்படியானால் குற்றவாளி k, அதாவது டயர். இரண்டு இடத்திலும் 40 மீட்டர் தாண்டித்தான் தாவியது என்று வந்திருந்தால் கதையே வேறு. அப்போது k சரி, தொடக்கத் தூரத்தை யாரோ 1.84 என்று பதிந்திருக்கிறார்கள். அந்த நிலையில் k-யை மாற்றினால் முதல் குறி சரியாகும், அதற்குப் பிறகு ஒவ்வொரு கிலோமீட்டரும் கெடும். ஒரே ஒரு தூரத்தில் மட்டும் சோதித்து மீட்டரைத் திருத்துகிறவர்கள் விழும் குழி இதுதான்.

மூன்றாவது சாத்தியமும் உண்டு. ஒவ்வொரு ஓட்டத்திலும் வேறு வேறு இடத்தில் தாவுவது, ஒரு முறை 20 மீட்டர் தள்ளி, இன்னொரு முறை 70. டயர் ஓர் ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் இடையே அப்படி மாறாது. கேபிளின் முனை தேய்ந்து நழுவுகிறது, இல்லையென்றால் சென்சார் தளர்ந்து துடிப்புகளை விடுகிறது. அதைச் சரிசெய்யாமல் எண்ணில் கை வைக்கக் கூடாது.

திருத்தும் கணக்கு ஒரே வரி.

```
புதிய k = பழைய k × (மீட்டர் காட்டிய தூரம் ÷ உண்மையான தூரம்)
       = 3213 × (2800 ÷ 2861)
       = 3145 (ஏறத்தாழ)
```

மீட்டர் 2,800 என்று சொன்னபோது வண்டி உண்மையில் 2,861 மீட்டர் ஓடியிருந்தது. சாலை தந்த விடை 3,145. டயரை உருட்டி அளந்தபோது கிடைத்ததும் 3,145. இரண்டும் ஒத்துப்போவது முக்கியம். ஒத்துப்போகாவிட்டால் துடிப்புகள் எங்கோ தொலைகின்றன, அல்லது எங்கிருந்தோ கூடுதலாக வருகின்றன.

இதில் திசை குழம்புவது சகஜம். k-யைக் கூட்டினால் மீட்டர் காட்டும் தூரம் குறையும். ஒரு கிலோமீட்டருக்கு அதிகத் துடிப்பைக் கேட்கிறோம், அதனால் வண்டி அதிகம் ஓட வேண்டியிருக்கிறது. ஆனால் சில மீட்டர்களில் துடிப்பெண்ணுக்குப் பதிலாக டயரின் சுற்றளவையே மில்லிமீட்டரில் பதியச் சொல்வார்கள். அங்கே எல்லாம் தலைகீழ். சுற்றளவைக் கூட்டினால் தூரமும் கூடும், பெருக்க வேண்டிய பின்னத்தையும் திருப்பிப் போட வேண்டும். எந்த வகை என்று பார்க்காமல் நம் மெக்கானிக் பின்னத்தைத் திருப்பிப் பெருக்கினார் என்றால் k 3,283 ஆகும். மறு ஓட்டத்தில் மீட்டர் இரண்டாம் குறியைத் தாண்டி 123 மீட்டர் போய்த் தாவும். பிழை சரியாக இரு மடங்கானால், திசை தவறிவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். பல மின்னணு மீட்டர்களில் கணக்கே வேண்டாம். சோதனை நிலைக்குப் போய், அளந்த தூரத்தின் தொடக்கத்தில் ஒரு பொத்தான், முடிவில் ஒரு பொத்தான் அழுத்தினால் மீட்டரே துடிப்புகளை எண்ணி k-யை வைத்துக்கொள்ளும். வசதிதான். ஆனால் அப்போது அந்த அளந்த தூரம் தவறென்றால் மீட்டர் அந்தத் தவறையே மனப்பாடம் செய்துகொள்ளும்.

இப்போது யோசிக்க வேண்டிய ஒரு விஷயம் வருகிறது. புது டயருக்கு அச்சாகப் பொருந்தும் 3,145-ஐ வைப்பது நியாயமா? அந்த டயர் தேய்ந்து பழையதைப் போலவே 1.245 மீட்டருக்கு வரும்போது கிலோமீட்டருக்கு 3,213 துடிப்பு வரும், மீட்டர் 2.2 சதவீதம் கூடுதலாகக் காட்டும். பத்துக் கிலோமீட்டருக்குப் பயணி இரண்டரை ரூபாய்க்கு மேல் அதிகம் கொடுப்பார். யாரும் ஏமாற்றவில்லை, சீலும் அப்படியே இருக்கிறது, ரப்பர் மட்டும் தேய்ந்திருக்கிறது. பழைய டயருக்கு வைத்த எண்ணை அப்படியே விட்டால் நட்டம் ஓட்டுநருக்கு.

அமெரிக்காவின் எடையளவு விதித் தொகுப்பு இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. டாக்ஸி மீட்டர் உண்மைத் தூரத்தைவிட ஒரு சதவீதம் வரை கூடுதலாகக் காட்டலாம், நான்கு சதவீதம் வரை குறைவாகக் காட்டலாம். வேண்டுமென்றே ஒரு பக்கம் சாய்த்த தராசு அது. தவறு வந்தே தீரும் என்றால் அது பயணிக்குச் சாதகமாக வரட்டும் என்ற எண்ணம். அந்த அளவுகோலை நம் வண்டிக்கு வைத்துப் பார்த்தால், டயர் முழுதும் தேய்ந்த நாளிலும் மீட்டர் ஒரு சதவீதத்துக்கு மேல் கூட்டிக் காட்டக் கூடாது என்றால் k 3,182-க்குக் குறையக் கூடாது. அதே எண்ணில் புது டயர் 1.2 சதவீதம் குறைவாகக் காட்டும். பத்துக் கிலோமீட்டருக்கு ஓட்டுநருக்கு ஒன்றரை ரூபாய்க்குள் நட்டம், பிறகு டயர் தேயத் தேய அது ஈடாகிவிடும். டயரின் ஆயுள் முழுவதையும் பார்த்தால் நடுவில் நிற்கும் எண் இதுதான். நான் ஓட்டுநராக இருந்தாலும் பயணியாக இருந்தாலும் இதைத்தான் கேட்பேன். பாதி தேய்ந்த டயரோடு போய் மீட்டரைச் சரிபார்த்தால் கணக்கே போடாமல் கிட்டத்தட்ட இந்த எண் வந்துவிடும்.

டயர் எவ்வளவு தூரம் பொய் சொல்லும் என்பது தெரிந்துவிட்டால், பயணிக்கு ஒரு பலன் உண்டு. நல்ல டயருக்கும் மொட்டை டயருக்கும் இடையே இரண்டு இரண்டரை சதவீதம், காற்றும் குறைவு என்றால் இன்னும் சற்றே கூட. அதற்கு மேல் பிழை வந்தால் டயரின் மேல் பழி போட முடியாது. பத்துக் கிலோமீட்டர் போன இடத்தில் மீட்டர் பதினொன்றரை என்று சொன்னால் ஆரம் மூன்று சென்டிமீட்டருக்கு அருகே குறைந்திருக்க வேண்டும். தேய்மானத்தில் அது நடக்காது. அங்கே k குறைக்கப்பட்டிருக்கிறது, அல்லது கேபிளுக்கும் மீட்டருக்கும் நடுவே கூடுதல் துடிப்பைப் போடும் ஏதோ ஒன்று உட்கார்ந்திருக்கிறது. வண்டி சிக்னலில் அசையாமல் நிற்கும்போது மீட்டரைக் கவனித்தால் இரண்டாவதைப் பிடிக்கலாம். ஐந்து நிமிடத்துக்கு ரூ.3.50 என்ற விகிதத்தில் ஏறினால் அது காத்திருப்பு. நின்ற வண்டியில் அதைவிட வேகமாக ஏறினால் துடிப்பு சக்கரத்திலிருந்து வரவில்லை.

கணக்கு தெரிந்துவிட்டது என்பதற்காக ஓட்டுநர் தானே மீட்டரைத் திறந்து எண்ணை மாற்ற முடியாது. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி கட்டண மீட்டரும் தராசு, பெட்ரோல் பம்ப் போல முத்திரையிட வேண்டிய அளவுக் கருவி. உரிமம் பெற்ற மீட்டர் பழுதுபார்ப்பவர்தான் திறந்து திருத்தலாம். அதன் பிறகு முத்திரை ஆய்வாளர் சோதித்து முத்திரை வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் இந்த வேலை தொழிலாளர் துறையின் கீழ் வருகிறது. k-யை மாற்றும் இடத்தை அடைய சீலை உடைத்தாக வேண்டும் என்பதால், ஏறும்போது பயணி பார்க்க வேண்டியது எண்ணை அல்ல, கம்பியும் ஈய முத்திரையும் அறுபடாமல் இருக்கின்றனவா என்பதை. கேபிளின் இணைப்பிலும் சீல் இருக்கிறதா என்று பார்ப்பது இன்னும் நல்லது. பெட்டியைத் தொடாமலே ஏமாற்ற நினைப்பவர் கை வைக்கும் இடம் அதுதான்.

புதிய k பதிந்த பிறகு, முத்திரைக்குப் போகும் முன் அதே பாதையில் இன்னொரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும். 3,182 வைத்த நம் வண்டியில், புது டயருக்கு, முதல் தாவல் குறியைத் தாண்டி 21 மீட்டரிலும் பதினோராவது தாவல் 33 மீட்டரிலும் வர வேண்டும். வந்தால் சீல் வைக்கலாம். அடுத்த சோதனைக்கு ஆண்டு முத்திரை வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. முன்டயரை வேறு கம்பெனி டயராக மாற்றினாலும், ரீட்ரெட் செய்த டயர் போட்டாலும், பழைய டயரை ஸ்டெப்னியிலிருந்து எடுத்து முன்னால் மாட்டி அதிலேயே ஓட்டிக்கொண்டிருந்தாலும், சாக்கட்டியை எடுத்துப் பத்துச் சுற்று உருட்டிப் பார்த்துவிடலாம். 12.45-க்கும் 12.72-க்கும் நடுவே வந்தால் எதையும் தொட வேண்டாம்.